பழைய வண்டியை ஸ்கிராப்புக்குப் போட்டால் பாலிசி என்ன ஆகும், பணம் திரும்ப வருமா? வேலூர்க்காரர்கள் கேட்ட கேள்விகள்

காட்பாடி ரோட்டுப் பக்கம் பல வருஷமாக இன்சூரன்ஸ் முகவர் வேலை பார்க்கிறேன். டிஎன் 23 வண்டிகளில் பதினைந்து வருஷம் தாண்டியவை எத்தனையோ இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. அவற்றில் ஒன்றைக் கழித்துக்கட்டலாம் என்று முடிவெடுத்தவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் இந்தக் கேள்விகளைத்தான். கேட்டவர்கள் கேட்டபடியே போட்டிருக்கிறேன்.

வண்டியைக் கொடுத்துட்டேன், ஆர்சியும் ரத்து ஆயிடுச்சு. பாலிசி தானா முடிஞ்சிடுமா சார்?

முடியாது. பாலிசி என்பது உங்களுக்கும் கம்பெனிக்கும் இடையில் உள்ள ஒப்பந்தம், அதில் ஒரு கடைசி தேதி எழுதியிருக்கிறது, அந்தத் தேதி வரை அது காகிதத்தில் உயிரோடுதான் இருக்கும். ஆர்டிஓ ஆபீஸில் பதிவு ரத்தானதை யாரும் கம்பெனிக்குப் போன் போட்டுச் சொல்லப் போவதில்லை. நீங்கள் எழுதிக் கேட்காவிட்டால் மீதி நாட்களுக்கான பிரீமியம் அவர்களிடமே தங்கிவிடும். வங்கியில் தானாகப் புதுப்பிக்கும்படி சொல்லி வைத்திருந்தீர்கள் என்றால், இல்லாத வண்டிக்கு அடுத்த வருஷமும் பணம் போகும். அப்படிப் போனதை நான் இரண்டு தடவை பார்த்திருக்கிறேன்.

ரத்தும் பொதுவாக நீங்கள் கேட்ட நாளிலிருந்துதான் கணக்கு. வண்டியை மார்ச்சில் வெட்டிவிட்டு மே மாதம் கடிதம் கொடுத்தால், "வண்டிதான் மார்ச்சிலேயே இல்லையே" என்ற வாதம் கவுண்ட்டரில் அவ்வளவாக எடுபடாது. இடையில் போன நாட்களின் பணம் போனதுதான்.

அப்ப முதல்ல பாலிசிய கேன்சல் பண்ணிட்டு அப்புறமா வண்டியக் கொடுக்கலாமா? நாலு நாள் காசு மிச்சமாகுமே.

வேண்டாம், இந்த வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வண்டி கையை விட்டுப் போகிற வரைக்கும், அதாவது ஸ்கிராப் மையத்துக்கு அது போய்ச் சேர்கிற கடைசிப் பயணம் வரைக்கும், ரோட்டில் இன்சூரன்ஸ் இல்லாமல் ஓடக் கூடாது. முதல் தடவை மாட்டினால் 2,000 ரூபாய் அபராதம், மறுபடி மாட்டினால் 4,000. அபராதமாவது பரவாயில்லை. போகிற வழியில் சத்துவாச்சாரி சர்வீஸ் ரோட்டில் யார் மேலாவது இடித்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்கிற நஷ்டஈட்டை நீங்கள் சொந்தக் கையிலிருந்து எடுத்து வைக்க வேண்டும். நாலு நாள் பிரீமியம் என்பது ஒரு சாதாரண காருக்கு ஐம்பது அறுபது ரூபாய். அதற்காக இதையெல்லாம் இழுத்துவிட்டுக்கொள்ளாதீர்கள்.

வண்டியை மையத்தில் கொடுங்கள், அவர்கள் தரும் ஒப்படைப்புச் சான்றிதழை வாங்குங்கள், பதிவு ரத்தாகிவிட்டதா என்று பாருங்கள், அன்றைக்கே கம்பெனிக்கு எழுதுங்கள். எம்பரிவாகன் செயலியிலோ வாகன் தளத்திலோ வண்டி எண்ணைப் போட்டால் பதிவின் நிலை தெரியும். அது இன்னும் உயிரோடு இருப்பதாகக் காட்டினால் காத்திருங்கள்.

எங்க தெருக்கோடி காயலான் கடைக்காரர் சென்டர விட ஐயாயிரம் ஜாஸ்தி தர்றேங்கிறார். கொடுத்தா என்ன தப்பு?

ஐயாயிரம் கூடத் தருகிறார், சரி. ஆனால் சான்றிதழ் தர மாட்டார். அரசிடம் பதிவு பெற்ற ஸ்கிராப் மையம் மட்டும்தான் ஒப்படைப்புச் சான்றிதழ் கொடுக்க முடியும். 2021 செப்டம்பரில் வந்த மத்திய விதிகள் இதைத்தான் சொல்கின்றன. எந்தெந்த மையங்கள் பதிவு பெற்றவை என்று vscrap.parivahan.gov.in தளத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

காயலான் கடையில் உங்கள் வண்டி எடைக்குப் போய்விட்டது என்று நீங்கள் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். ஆர்சி உங்கள் பெயரிலேயே கிடக்கும். எஞ்சின் நன்றாக இருந்தால் அதை அவர் வெட்டுவாரா, இல்லை இரண்டு கை மாறி எங்கேயாவது கிராமத்துப் பக்கம் செங்கல் ஏற்றிக்கொண்டிருக்குமா என்பது உங்களுக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது. அந்த வண்டி ஒரு ஆளை இடித்தால் சம்மன் உங்கள் வீட்டுக்கு வரும். "நான் அப்பவே வித்துட்டேங்க" என்பது போதாது. பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவர்தான் உரிமையாளர் என்று 2018-ல் நவீன்குமார் எதிர் விஜயகுமார் வழக்கில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. அந்த வழக்கிலும் வண்டி பல கை மாறியிருந்தது, ஆனால் ஆர்சி முதல் ஆள் பெயரிலேயே இருந்தது, பொறுப்பும் அவர் தலையில்தான் விழுந்தது. இதில் பாலிசியையும் நீங்கள் ரத்து செய்து நூறு இருநூறு திரும்ப வாங்கியிருந்தால், உங்களுக்குப் பின்னால் நிற்க கம்பெனியும் இல்லை.

அதனால்தான், காயலான் கடைக்குப் போட்டவர் யாராவது என்னிடம் வந்து பாலிசியை ரத்து செய்யச் சொன்னால் நான் செய்து கொடுப்பதில்லை. பதிவு ரத்தாகிற வரை மூன்றாம் நபர் பாலிசியாவது ஓடட்டும் என்று சொல்லி அனுப்புவேன். அவர்களுக்கு அது பிடிப்பதில்லை.

பிரீமியம் எவ்வளவு திரும்ப வரும்? எட்டு மாசம் தாண்டிட்டா ஒண்ணும் கிடையாதுன்னு கவுண்ட்டர்ல சொல்றாங்களே.

அது பழைய கணக்கு. முன்பு வாடிக்கையாளரே பாலிசியை நடுவில் ரத்து செய்தால் குறுகிய கால அட்டவணை என்று ஒன்றைப் போடுவார்கள். ஒரு மாதம் ஓடியிருந்தால் வருஷ பிரீமியத்தில் 20 சதவீதத்தை எடுத்துக்கொள்வார்கள், ஆறு மாதம் ஓடியிருந்தால் 70 சதவீதம், எட்டு மாதம் தாண்டினால் முழுசும் அவர்களுக்கே. மனப்பாடமாகிப்போன அந்த அட்டவணையை இன்னும் சிலர் ஒப்பிக்கிறார்கள்.

2024 ஜூனில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம், அதாவது ஐஆர்டிஏஐ, ஒரு முதன்மைச் சுற்றறிக்கை போட்டது. அதன்படி தனிநபர் வாடிக்கையாளர் எப்போது வேண்டுமானாலும் பாலிசியை ரத்து செய்யலாம், காரணம் சொல்ல வேண்டியதில்லை. ஒரு வருஷம் வரையிலான பாலிசியில் இந்தக் காலத்துக்குள் க்ளெய்ம் எதுவும் வாங்கவில்லை என்றால், மீதி நாட்களுக்கு விகிதாசாரப்படி பிரீமியத்தைத் திருப்பித் தர வேண்டும். பத்து மாதம் ஓடியிருந்தாலும் மீதி இரண்டு மாதத்துக்குக் கணக்குப் போட வேண்டும்.

இதில் கத்தி மாதிரி ஒரு நிபந்தனை இருக்கிறது: க்ளெய்ம் வாங்கியிருக்கக் கூடாது. போன தீபாவளிக்குப் பக்கத்து வீட்டுப் பையன் ராக்கெட் விட்டு உடைத்த பின் கண்ணாடிக்கு மூவாயிரம் வாங்கியிருந்தீர்கள் என்றால், திரும்ப வருவது பூஜ்யம் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மோட்டார் பாலிசியில் காரணம் கேட்க மாட்டார்கள் என்றாலும் காகிதம் கேட்பார்கள். மூன்றாம் நபர் பாதுகாப்பு சட்டப்படி கட்டாயம் என்பதால், வண்டி ரோட்டில் இல்லை என்பதற்கு ஆதாரம் இல்லாமல் அந்தப் பகுதியைத் தொடவே யோசிப்பார்கள். உங்கள் கையில் ஒப்படைப்புச் சான்றிதழும் பதிவு ரத்து விவரமும் இருந்தால் அந்தப் பேச்சு அங்கேயே முடிந்துவிடும்.

சரி, ஒரு கணக்கு போட்டுக் காட்டுங்களேன். நாங்க டீச்சர், எங்களுக்கு எழுதிக் காட்டினாத்தான் புரியும்.

சத்துவாச்சாரியில் இருக்கிற ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர், என் வாடிக்கையாளர். இதைக் கேட்டவரும் அவர்தான், கணக்கு நோட்டோடு வந்திருந்தார். 2010 மாடல் சின்னக் கார், 1,197 சிசி. பாலிசி ஆகஸ்ட் 12-ல் ஆரம்பித்து அடுத்த வருஷம் ஆகஸ்ட் 11-ல் முடிகிறது. முழுப் பாலிசிதான். மூன்றாம் நபர் பிரீமியம் 3,416 ரூபாய், அது 2022 ஜூன் மாதம் வந்த விகிதம், 1,000 முதல் 1,500 சிசி வரையுள்ள கார்களுக்கு. சொந்த சேதத்துக்கு 1,500. ஜிஎஸ்டியை விட்டுவிடுவோம், ஆக 4,916.

ஜூன் 11-ல் ரத்து செய்தால் மீதி 61 நாள். 4,916-ஐ 365-ஆல் வகுத்து 61-ஆல் பெருக்கினால் சுமார் 822 ரூபாய். பழைய அட்டவணைப்படி அவருக்கு ஒரு பைசா வந்திருக்காது. அவர் முகம் மலர்ந்தது. "சரி கேன்சல் பண்ணிடுங்க" என்றார்.

ஒரு நிமிஷம் சார் என்று பாலிசித் தாளின் முதல் பக்கத்தைத் திருப்பிக் காட்டினேன். அதில் நோ க்ளெய்ம் போனஸ் 25 சதவீதம் என்று இருந்தது. நாம் என்சிபி என்கிறோமே, அதுதான். க்ளெய்ம் இல்லாத முதல் வருஷத்துக்கு 20, இரண்டாவதுக்கு 25, அப்புறம் 35, 45, 50 என்று ஏறும், அதற்கு மேல் போகாது. ஆனால் அடுத்த படி ஏறுவது பாலிசி முழு பன்னிரண்டு மாதம் ஓடி முடிந்தால்தான். பத்து மாதத்தில் வெட்டினால் அந்தப் பத்து மாதமும் போனஸ் கணக்கில் வராது, 25-லேயே நிற்கும். 61 நாள் பொறுத்தால் 35.

அவர் புதுக் கார் எடுக்கப் போகிறார். அதற்கு என்சிபி கழிக்காத சொந்த சேதப் பிரீமியம் 16,000 என்று வைத்துக்கொள்வோம். 25 சதவீதம் என்றால் 4,000 கழியும், 35 என்றால் 5,600. வித்தியாசம் 1,600. அடுத்த வருஷம் பிரீமியம் கொஞ்சம் இறங்கி 14,000 ஆகிறது என்றால், 35-க்குப் பதில் 45, இன்னொரு 1,400. மூன்றாவது வருஷம் 12,500 என்றால் 45-க்குப் பதில் 50, ஒரு 625. நாலாவது வருஷம் இரண்டு வழியும் 50-ல் சேர்ந்துவிடும். க்ளெய்ம் எதுவும் இல்லாமல் போனால் மொத்தம் 3,625 ரூபாய். அதை விட்டுவிட்டு 822-ஐ வாங்கப் போனார்.

காத்திருந்தால் அந்த 822 வராது, ஆக நிகர லாபம் 2,800 சுற்றி. அவர் நோட்டில் இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, "ஆகஸ்ட் 12-க்கு வர்றேன்" என்று எழுந்து போனார்.

அப்ப எல்லாருமே பாலிசி முடியற வரைக்கும் காத்திருக்கணுமா?

இல்லை. உங்கள் தாளில் ஏற்கெனவே 50 என்று இருந்தால் காத்திருப்பதில் ஒன்றும் இல்லை, உடனே ரத்து செய்து மீதியை வாங்குங்கள். 45-ல் இருந்தால் கிட்டத்தட்ட சமம். மேலே சொன்ன கணக்கிலேயே 16,000-க்கு ஐந்து சதவீதம் 800 ரூபாய், திரும்ப வருவது 822. அலைச்சலைப் பார்த்து முடிவு செய்யலாம்.

காத்திருப்பது பலன் தருவது 20-லோ 25-லோ 35-லோ இருப்பவர்களுக்கும், போன வருஷம் க்ளெய்ம் வாங்கிப் பூஜ்யத்துக்குப் போய் இப்போது ஏற ஆரம்பித்தவர்களுக்கும்தான். அதுவும் மீதி இரண்டு மூன்று மாதமாக இருந்தால். ஏழெட்டு மாதம் பாக்கி இருக்கும்போது பழைய காரை வாசலில் நிறுத்தி வெயில் காய வைத்துக்கொண்டிருப்பது நம்ம ஊர் வெயிலுக்கு ஆகிற காரியமா என்று பாருங்கள், டயரும் பேட்டரியும் போய் ஸ்கிராப் விலையிலேயே அடி விழும்.

புதுக் கார் எப்போது எடுக்கிறீர்கள் என்பதும் உண்டு. ஜூன் மாதமே டெலிவரி என்றால், அன்றைக்குக் கையில் இருக்கிற 25-ஐத்தான் புதுப் பாலிசியில் போட முடியும், ஆகஸ்டில் வரப்போகிற 35-ஐ முன்கூட்டிக் கேட்க முடியாது. ஆசிரியருக்குக் கணக்கு ஒத்துவந்ததே ஆடியில் வண்டி எடுக்கக் கூடாது என்று வீட்டில் சொல்லி, டெலிவரியை ஆவணிக்குத் தள்ளி வைத்திருந்ததால்தான்.

வண்டியை இப்பவே ஸ்கிராப் பண்ணிட்டு பாலிசிய மட்டும் முடியற வரை விட்டு வெச்சா 35 கிடைக்காதா?

புத்திசாலித்தனமான கேள்வி, பேர்ணாம்பட்டுப் பையன் ஒருவன் கேட்டான். நான் அதை நம்பி இறங்க மாட்டேன். வண்டியே இல்லாத நாட்களில் காப்பீடு செய்ய என்ன இருக்கிறது என்று கம்பெனி கேட்கும், ஒப்படைப்புச் சான்றிதழில் தேதி அச்சாகியிருக்கிறது, என்சிபி கடிதம் வாங்கும்போது அதைத்தான் ஆதாரமாகக் காட்டப் போகிறீர்கள். ஏறின படி வேண்டும் என்றால் வண்டியும் அந்தத் தேதி வரை உங்கள் பெயரில் இருக்கட்டும்.

என்சிபி வண்டியோடதா, என்னோடதா? வண்டி போனா அதுவும் போயிடாதா?

உங்களுடையது. வண்டி இரும்பாகப் போனாலும் என்சிபி உங்களோடு வரும். ரத்து செய்யும்போதே "என்சிபி கடிதம் வேண்டும்" என்று சேர்த்து எழுதுங்கள், தனியாக இன்னொரு தடவை அலைய வேண்டாம். உடனே வேறு வண்டி எடுக்கவில்லை என்றாலும் பழைய பாலிசி முடிந்த தேதியிலிருந்து மூன்று வருஷத்துக்குள் எடுத்தால் அதைப் பயன்படுத்தலாம். 90 நாளில் போய்விடும் என்று சிலர் பயமுறுத்துவார்கள். அந்த 90 நாள், அதே வண்டியைப் புதுப்பிக்காமல் விட்டவர்களுக்கு. வண்டியைக் கொடுத்துவிட்டவர்களுக்கு மூன்று வருஷம்.

காருக்குச் சேர்ந்தது காருக்கு, பைக்குக்குச் சேர்ந்தது பைக்குக்கு. பழைய ஸ்கூட்டரின் 50 சதவீதத்தை புதுக் காரில் போட முடியாது.

இன்னொன்று, ரொம்பப் பேர் ஏமாறுவது இங்கேதான். பதினைந்து வருஷ வண்டிக்கு முழுப் பாலிசி எதற்கு என்று மூன்றாம் நபர் பாலிசி மட்டும் போட்டுவந்தவர்களுக்கு என்சிபியே கிடையாது. அது சொந்த சேதப் பகுதியில் மட்டும் சேருகிற போனஸ். நாலு வருஷமாக மூன்றாம் நபர் மட்டும் கட்டியவர் வந்து "ஒரு க்ளெய்ம்கூட வாங்கலையே, 45 வரணுமே" என்பார். வராது. அவருக்குக் காத்திருப்பதிலும் பயன் இல்லை, வண்டியைக் கொடுத்த அன்றைக்கே ரத்து செய்து மீதியை வாங்கிக்கொள்வதுதான் கணக்கு.

ஷோரூம்ல டீலரே 50 பர்சென்ட் போட்டுத் தர்றேங்கிறார், லெட்டரெல்லாம் வேண்டாமாம். வாங்கிக்கலாமா?

உங்களுக்கு உண்மையிலேயே 50 இருந்தால் வாங்கிக்கொள்ளுங்கள். 25-ஐ வைத்துக்கொண்டு 50-க்குத் தலையாட்டாதீர்கள். கடிதம் கையில் இல்லாவிட்டாலும் உங்கள் உறுதிமொழியின் பேரில் போனஸ் கொடுக்கலாம், ஆனால் புதுக் கம்பெனி பழைய கம்பெனியிடம் எழுதிக் கேட்டுச் சரிபார்க்கும். அப்போது தப்பு என்று தெரிந்தால் புதுக் காரின் சொந்த சேதப் பகுதி முழுக்கக் கைவிட்டுப் போகும். நாலாயிரம் மிச்சம் பிடிக்கப் போய், பள்ளிகொண்டா தாண்டி லாரிக்குப் பின்னால் சொருகிய எட்டு லட்ச ரூபாய்க் காருக்குக் க்ளெய்ம் இல்லை என்று நிற்க வேண்டி வரும். டீலர் அன்றைக்குப் போனை எடுக்க மாட்டார்.

ஸ்கிராப் சர்ட்டிஃபிகேட் காட்டினா புதுப் பாலிசியில தள்ளுபடி உண்டா?

பிரீமியத்தில் "ஸ்கிராப் தள்ளுபடி" என்று தனியாக ஒன்றும் கிடையாது. பிரீமியத்தில் குறைவது என்சிபியால்தான். சான்றிதழின் பலன் வேறு இடங்களில் இருக்கிறது. அதைக் காட்டிப் புது வண்டி எடுத்தால் பதிவுக் கட்டணம் தள்ளுபடி என்று 2021 அக்டோபரில் மத்திய விதியில் சேர்த்தார்கள். வாகன வரியில் சொந்த வண்டிக்கு 25 சதவீதம் வரை, வாடகை வண்டிக்கு 15 சதவீதம் வரை சலுகை தரலாம் என்றும் இருக்கிறது. அந்த "வரை" என்ற சொல்லைக் கவனியுங்கள். வாகன வரி மாநிலத்தின் கையில் இருப்பது, எவ்வளவு குறையும் என்பது மாநில அறிவிக்கையைப் பொறுத்தது, ஆகவே டீலர் போடுகிற விலைச்சீட்டில் வாகன வரியைத் தனியாகக் காட்டச் சொல்லி, ஆர்டிஓ ஆபீஸில் கேட்டுச் சரிபார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

கார் கம்பெனிகளின் தள்ளுபடி வேறு கதை. 2024 ஆகஸ்டில் பல கம்பெனிகள் சேர்ந்து, ஸ்கிராப் செய்தவர்களுக்கு விலையில் 1.5 சதவீதம் அல்லது 20,000 ரூபாய், எது குறைவோ அது, என்று அறிவித்தார்கள். கார்களுக்கு அது ஒரு வருஷத்துக்கான அறிவிப்பு. இப்போது ஷோரூமில் யாராவது அதைச் சொன்னால் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

பைக்குக்கு அஞ்சு வருஷ பாலிசி. மூணாவது வருஷத்துலயே ஆக்சிடென்ட் ஆகி ஸ்கிராப்புக்குப் போகுது. மீதி ரெண்டு வருஷம்?

இன்னும் ஆரம்பிக்காத நாலாவது, ஐந்தாவது வருஷங்களின் பிரீமியம் திரும்ப வர வேண்டும், 2024 சுற்றறிக்கை அதைத் தனியாகவே சொல்கிறது. நடந்துகொண்டிருக்கிற மூன்றாவது வருஷத்தில் விபத்துக்காகக் க்ளெய்ம் வாங்கியிருந்தால் அந்த வருஷத்தின் மீதியை எதிர்பார்க்க வேண்டாம்.

வண்டி எங்கப்பா பேர்ல இருக்கு, அவர் தவறி ரெண்டு வருஷமாச்சு. நான் கொண்டு போய்க் கொடுக்க முடியுமா?

நேராகக் கொண்டுபோனால் மையத்தில் திருப்பி அனுப்புவார்கள். இறப்புச் சான்றிதழ், வாரிசுச் சான்றிதழ், மற்ற வாரிசுகளின் சம்மதம் இதெல்லாம் முதலில் சரி செய்யுங்கள், தாலுகா ஆபீஸில் வாரிசுச் சான்றிதழுக்குத்தான் நேரம் பிடிக்கும். பாலிசி அப்பா பெயரிலேயே இருந்தால் திரும்ப வரும் பணமும் அவர் பெயருக்குத்தான் வரும் என்பதால் அதற்கும் இதே காகிதங்கள் வேண்டும். வண்டி உங்கள் பொறுப்பில்தான் இருந்தது என்றால் அப்பாவின் என்சிபியை நீங்கள் கேட்கலாம். மனைவி, பிள்ளைகள், பெற்றோர் வரைக்கும் அதற்கு இடம் உண்டு. அதைக் கேட்காமலே விட்டுவிடுகிறார்கள்.

கம்பெனிக்கு என்னன்னு எழுதறது?

பெரிய கடிதம் வேண்டாம். பாலிசி எண், வண்டி எண், எந்த மையத்தில் எந்தத் தேதியில் ஒப்படைத்தீர்கள், பதிவு ரத்தான தேதி, இந்தப் பாலிசிக் காலத்தில் க்ளெய்ம் வாங்கவில்லை என்ற ஒரு வரி, "இன்றைய தேதியிலிருந்து ரத்து செய்து மீதி நாட்களுக்கான பிரீமியத்தை விகிதாசாரப்படி என் கணக்கில் செலுத்தவும், என்சிபி கடிதமும் தரவும்", அவ்வளவுதான். ஒப்படைப்புச் சான்றிதழின் நகலும் ரத்தான காசோலை ஒன்றும் இணைத்து மின்னஞ்சலில் அனுப்புங்கள். நேரில் கொடுத்தால் நகலில் முத்திரை வாங்காமல் வராதீர்கள். ஒரு தடவை நான் அந்த முத்திரையை வாங்காமல் வந்துவிட்டேன். மூன்று வாரம் கழித்து "அப்படி ஒரு கடிதமே வரலையே" என்றார்கள், வாடிக்கையாளருக்கு இருபது நாள் பிரீமியம் போனது, அதை நான்தான் கையிலிருந்து கொடுத்தேன்.

வண்டிமேல் கடன் இருந்திருந்தால் வங்கியின் தடையில்லாச் சான்று ஸ்கிராப் மையத்திலேயே தேவைப்படும், அதனால் அது இந்தக் கட்டத்துக்கு வராது.

பத்து நாளாச்சு, பதிலே இல்ல. இல்லேன்னா பழைய அட்டவணைப்படி கம்மியா போட்டிருக்காங்க. யார்கிட்ட போறது?

முதலில் கம்பெனியின் குறைதீர் அதிகாரிக்கு எழுதுங்கள், சுற்றறிக்கையைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள், பாதிப் பேருக்கு அங்கேயே சரியாகிவிடும். ஐஆர்டிஏஐ-யின் பீமா பரோசா தளத்திலும் புகார் பதியலாம். ஒரு மாதம் ஆகியும் பதில் இல்லை என்றாலோ, வந்த பதில் ஏற்கும்படி இல்லை என்றாலோ, சென்னையில் இருக்கிற காப்பீட்டுக் குறைதீர்ப்பாளரிடம் போகலாம், நம்ம மாவட்டமும் அவர் எல்லையில்தான் வருகிறது. வக்கீல் வேண்டாம், கட்டணமும் இல்லை. கம்பெனி கடைசியாக மறுத்த தேதியிலிருந்து ஒரு வருஷத்துக்குள் போக வேண்டும்.

எண்ணூறு ரூபாய்க்கு அவ்வளவு தூரமா என்று கேட்பீர்கள். சென்னைக்கு எழுதப்போகிறேன் என்று சொன்ன மின்னஞ்சலிலேயே எனக்கு வேலை முடிந்திருக்கிறது, இதுவரை ஒரு தடவைகூட நிஜமாகவே எழுத வேண்டி வரவில்லை.

ஃபாஸ்டேக்?

கண்ணாடியிலிருந்து கிழித்து எடுத்துவிட்டு, கொடுத்த வங்கியில் சொல்லி மூடுங்கள். மீதியும் வைப்புத்தொகையும் உங்கள் கணக்குக்கு வரும். ஆசிரியர் இதை மறந்துவிட்டார். கண்ணாடியோடு சேர்த்து அது மையத்துக்குப் போய்விட்டது. நல்லவேளையாக வீட்டில் ஸ்டிக்கரின் உறை இருந்தது, அதில் இருந்த எண்ணை வைத்து மூடினோம்.